பழைய எண்டர் 3 அச்சுப்பொறிக்கு எந்த ஃபர்ம்வேர்: நான்கு வழிகளும் ஏற்றிய பின் பார்க்க வேண்டியவையும்

கிரியாலிட்டி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட எண்டர் 3 என்ற முப்பரிமாண அச்சுப்பொறி இன்றும் பல வீடுகளிலும் கல்லூரிப் பட்டறைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்திய பொறியாகவும் கைமாறுகிறது. அதன் தொடக்கக் காலப் பொறிகள் பலவற்றில், பொறியை இயக்கும் உள்நிரலாக மார்லின் என்ற ஃபர்ம்வேர் இருந்தது. ஆனால் மார்லினுக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அணைக்கப்பட்ட நிலையிலேயே அவை விற்பனைக்கு வந்தன. ஆகவே இந்தப் பொறியை வைத்திருப்பவர், புதிய வசதிகள் வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன்பே, இந்தப் பாதுகாப்பு தம் பொறியில் இருக்கிறதா என்று அறிந்தாக வேண்டும். எந்த ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவை முதன்மையாக இந்த ஒரு கேள்வியே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அணைக்கப்பட்டிருந்தால் என்ன நேரும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். ஃபிலமென்ட் எனும் பிளாஸ்டிக் இழையை உருக்கும் ஹாட்எண்டின் உலோகக் கட்டையில் செருகப்பட்டிருக்கும் வெப்ப உணரியான தெர்மிஸ்டர், காலப்போக்கில் திருகு தளர்ந்து வெளியே நழுவிவிடக்கூடும். அப்போது அது கட்டையின் வெப்பத்தை அளக்காமல் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை அளக்கத் தொடங்கும். இலக்கு 200 டிகிரி, காட்டும் அளவோ 60 டிகிரி என்பதால், ஃபர்ம்வேர் ஹீட்டருக்கு முழு மின்சாரத்தையும் இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருக்கும். உண்மையில் கட்டை 200-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாய் சிதைந்து நச்சுப் புகை வரும், அதற்கு மேல் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மார்லினின் வெப்பப் பாதுகாப்பு இதைத்தான் கண்காணிக்கிறது: சூடேற்றத் தொடங்கிய பின் குறித்த நேரத்துக்குள் வெப்பநிலை சிறிதளவாவது ஏறாவிட்டாலும், இலக்கை எட்டிய பின் அதற்குக் கீழே குறித்த அளவு இறங்கி அங்கேயே குறித்த நேரம் நின்றாலும், ஹீட்டர்களை அணைத்துப் பொறியை நிறுத்திவிடும்.

இங்கே பலரும் ஒரு சோதனையைச் செய்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். தெர்மிஸ்டர் கம்பியை முழுவதும் பிடுங்கிப் பார்க்கிறார்கள். திரையில் `MINTEMP` என்ற பிழை வந்து பொறி நிற்கிறது. பாதுகாப்பு இருக்கிறது என்று நிம்மதி அடைகிறார்கள். கம்பி அறுந்த நிலையை ஃபர்ம்வேர் இயல்பை மீறிய குளிராகப் படிப்பதால் வரும் பிழை அது. வெப்பப் பாதுகாப்பு அணைக்கப்பட்ட ஃபர்ம்வேரிலும் அது வரும். நழுவிய தெர்மிஸ்டரோ நம்பத்தக்க ஓர் அளவைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். அதை `MINTEMP` ஒருபோதும் பிடிக்காது.

சரியான சோதனைக்கு எந்தக் கம்பியையும் தொட வேண்டியதில்லை. அச்சுப்பொறியின் முதன்மை மின்சாரத்தை அணைத்துவிட்டு, யுஎஸ்பி கேபிளால் மட்டும் கணினியோடு இணையுங்கள். போர்டு யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் உயிர் பெறும், தெர்மிஸ்டர் அளவும் தெரியும், ஆனால் ஹீட்டருக்கு வேண்டிய 24 வோல்ட் இல்லாததால் எதுவும் சூடாகாது. பிராண்டர்ஃபேஸ் போன்ற மென்பொருளிலிருந்து இந்தக் கட்டளையை அனுப்புங்கள்:

```
M104 S200
```

பாதுகாப்பு இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளாகவோ அதையொட்டியோ `Heating failed` என்ற பிழையும் `Printer halted` என்ற அறிவிப்பும் வரும். ஐந்து நிமிடம் காத்திருந்தும் ஒன்றும் வராமல், இலக்கு 200 என்றும் நிலவரம் அறை வெப்பநிலை என்றும் திரை காட்டிக்கொண்டே இருந்தால், உங்கள் பொறியில் அது இல்லை. உடனே `M104 S0` அனுப்பி இலக்கை நீக்கிவிட்ட பிறகே முதன்மை மின்சாரத்தைப் போட வேண்டும். பொருள் அச்சாகும் சூடான தட்டான பெட்டுக்கும் இதே போல் `M140 S60` அனுப்பித் தனியாகப் பார்க்க வேண்டும். அதன் காத்திருப்பு நேரம் நீளமானது.

இந்தச் சோதனையில் தேறிய பொறிக்கு முதல் வழி ஒன்று திறந்திருக்கிறது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. அச்சு நன்றாக வருகிறது, பாதுகாப்பும் இயங்குகிறது, புதிய உணரி எதுவும் பொருத்தப் போவதில்லை என்றால், புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஃபர்ம்வேரை மாற்றத் தேவையில்லை. சோதனையில் தவறிய பொறிக்கு இந்த வழி கிடையாது. அதற்கு எஞ்சியவை மூன்று: உற்பத்தியாளர் தரும் ஆயத்தக் கோப்பை ஏற்றுவது, மார்லினை அதன் மூல நிரலிலிருந்து நாமே தொகுத்து ஏற்றுவது, அல்லது போர்டையே மாற்றிவிடுவது. கிளிப்பர் என்ற இன்னொரு ஃபர்ம்வேரும் உண்டு. அதற்கு ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினி எப்போதும் பொறியோடு இணைந்திருக்க வேண்டும். அதற்கெனத் தனித் தேவை இல்லாதவர் வெப்பப் பாதுகாப்புக்காக மட்டும் அங்கே போக வேண்டியதில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த வழி என்பது போர்டைப் பொறுத்தது. பழைய எண்டர் 3-இல் 1.1.2, 1.1.4 போன்ற எண்கள் அச்சிடப்பட்ட 8-பிட் போர்டு இருக்கும். அதன் சிப் ஏடிமெகா 1284பி. நிரல் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. பிந்தைய பொறிகளில் 4.2.2 அல்லது 4.2.7 என்ற எண்ணுடன் 32-பிட் போர்டு வந்தது. அடிப்பக்கத்தில் போர்டை மூடியிருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றி, கிரியாலிட்டியின் பெயருக்குக் கீழே உள்ள எண்ணைப் படிக்காமல் எந்தக் கோப்பையும் தரவிறக்கக் கூடாது.

32-பிட் போர்டு என்றால் வேலை எளிது. `.bin` என முடியும் கோப்பை எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த மெமரி கார்டில் தனியாக வைத்து, மின்சாரம் அணைந்திருக்கும்போது செருகி, பிறகு போட வேண்டும். சில நொடிகள் திரை வெறுமையாக இருந்து பின் எழும். முந்தைய தடவை ஏற்றிய கோப்பின் பெயரே இதற்கும் இருந்தால் போர்டு அதைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு தடவையும் பெயரை மாற்ற வேண்டும். ஏற்றியும் ஒன்றும் மாறவில்லை என்று குழம்புபவர்களில் கணிசமானோர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். இந்த போர்டில் உற்பத்தியாளரின் ஆயத்தக் கோப்பு நியாயமான தேர்வு. ஆனால் பொறி வாங்கியபடியே இருக்க வேண்டும். ஃபிலமென்ட்டைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரை மாற்றியிருந்தாலோ பெட் மட்டம் பார்க்கும் உணரியைப் பொருத்தியிருந்தாலோ, அதற்குரிய தனிக் கோப்பு எது என்று தேடித் திரிவதைவிட நாமே தொகுப்பது குறைந்த உழைப்பு.

8-பிட் போர்டில் கணக்கு வேறு. தொடக்கக் கால போர்டுகளில் பூட்லோடர் இல்லை. யுஎஸ்பி வழியாக வரும் நிரலை வாங்கி நினைவகத்தில் எழுதும் அந்தச் சிறு நிரல் இல்லாததால், எந்தக் கோப்பாக இருந்தாலும் முதல் தடவை போர்டின் ஆறு முள் இணைப்பின் வழியாகவே எழுத வேண்டும். அதற்கு யுஎஸ்பிஏஎஸ்பி என்ற சிறு கருவியோ, `ArduinoISP` நிரல் ஏற்றிய அர்டுயினோ ஊனோவோ தேவை. ஊனோவின் 11, 12, 13 எண் முனைகளும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இணைப்பின் உரிய முட்களுக்குப் போகும். 10-ஆம் முனை ரீசெட்டுக்குப் போகும். இந்த நேரத்தில் அச்சுப்பொறியின் முதன்மை மின்சாரம் அணைந்தே இருக்க வேண்டும். போர்டுக்கு வேண்டிய மின்சாரத்தை ஊனோவே தரும்.

உற்பத்தியாளரின் கோப்பை ஏற்றவும் இந்த வேலை தேவை, நாமே தொகுத்ததை ஏற்றவும் இதே வேலை தேவை. ஆக, ஆயத்தக் கோப்பின் ஒரே சிறப்பான எளிமை, பழைய போர்டில் இல்லாமல் போகிறது. கடினமான பாதியைச் செய்து முடித்தவர், உள்ளே என்ன அமைப்பு இருக்கிறது என்று தெரியாத ஒரு கோப்பை ஏற்றுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பழைய போர்டில் நாமே தொகுப்பதுதான் முறை.

பூட்லோடரை எழுதுவதற்கு முன், இருக்கும் ஃபர்ம்வேரைப் படித்துச் சேமிக்க முயல வேண்டும். ஊனோ வழியாக எனில் கட்டளை இது. துறை எண் மட்டும் கணினிக்குக் கணினி மாறும்:

```
avrdude -c avrisp -p m1284p -P COM3 -b 19200 -U flash:r:old.hex:i
```

சிப்பில் படிப்பதைத் தடுக்கும் பூட்டு பிட்கள் இடப்பட்டிருந்தால் பயனுள்ள நகல் கிடைக்காது. கிடைத்தால், புதியது ஒத்துவராதபோது திரும்பிப் போக அது ஒன்றே வழி என்பதால், இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்க்கக் கூடாது.

தொகுப்பதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோடும் அதில் பிளாட்ஃபார்ம்ஐஓ நீட்சியும் போதும். மார்லின் திட்டம் தன் மூல நிரலோடு, ஒவ்வொரு பொறிக்கும் உரிய மாதிரி அமைப்புக் கோப்புகளையும் தனிக் களஞ்சியமாக வெளியிடுகிறது. அதில் `config/examples/Creality/Ender-3` என்ற அடைவுக்குள் `CrealityV1`, `CrealityV422` என்று போர்டுவாரியாகப் பிரிந்திருக்கும். மூல நிரலின் பதிப்பும் அமைப்புக் கோப்பின் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையெனில் தொகுப்பே பிழையோடு நின்றுவிடும். மாதிரிக் கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, முதல் தடவை எதையும் மாற்றாமல் தொகுத்து ஏற்றிப் பார்ப்பது நல்லது. விரும்பிய வசதிகளை அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால், எது கெடுத்தது என்று தேட வேண்டியிருக்காது. ஏற்றுவதற்கு முன் பின்வரும் மூன்று வரிகளுக்கும் முன்னால் இரட்டைச் சாய்கோடு இல்லை என்பதை மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்:

```
#define THERMAL_PROTECTION_HOTENDS
#define THERMAL_PROTECTION_BED
#define EEPROM_SETTINGS
```

பழைய போர்டின் எல்லை அதன் நினைவகம். மாதிரி அமைப்பே 128 கிலோபைட்டின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகிறது. அதற்கு மேல் பெட் மட்ட உணரியையும் கண்ணி முறைச் சமன்படுத்தலையும் சேர்த்தால், வேறு சில வசதிகளை அணைத்து இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். உணரி பொருத்தும் எண்ணம் உண்டு என்றால், பூட்லோடர் வேலையில் இறங்காமல் நேரே 32-பிட் போர்டை வாங்கி மாற்றுவதையே பரிந்துரைப்பேன். அந்த போர்டுகளோடு வரும் அமைதியான மோட்டார் டிரைவர்கள் கூடுதல் ஆதாயம். அங்கே ஒரு கவனம் தேவை: டிரைவர் வகை மாறினால் மோட்டார் சுழலும் திசை தலைகீழாகலாம். பொறியைத் தொடக்க இடத்துக்கு நகர்த்தும் `G28` கட்டளையை முதல் தடவை கொடுக்கும்போது கை மின் சுவிட்ச் மேலேயே இருக்கட்டும்.

இனி, ஏற்றிய பின் செய்ய வேண்டியவை. அவை ஏற்றுவதற்கு முன்பே தொடங்குகின்றன. பழைய ஃபர்ம்வேர் இருக்கும்போதே `M503` அனுப்பி, வரும் விவரம் முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு வேண்டிய ஸ்டெப் அளவுகள், வெப்பத்தை இலக்கில் நிலைநிறுத்தும் பிஐடி எண்கள், வேக வரம்புகள், உணரி இருந்தால் அதன் இசட் இடைவெளி எல்லாம் அதில் இருக்கும்.

இந்த அளவுகள் நிரல் நினைவகத்தில் இல்லாமல் ஈப்ராம் என்ற தனி நினைவகத்தில் இருக்கின்றன. புதிய ஃபர்ம்வேரின் ஈப்ராம் அமைப்பு பழையதிலிருந்து மாறியிருந்தால், மார்லின் பழைய அளவுகளைப் படிக்க மறுத்துத் தன் இயல்பு அளவுகளுக்குப் போய்விடும். அமைப்பு மாறாமல் இருந்தால், நீங்கள் கோப்பில் எழுதித் தொகுத்த புதிய அளவைப் பொருட்படுத்தாமல் ஈப்ராமில் கிடக்கும் பழைய அளவையே எடுத்துக்கொள்ளும். கோப்பில் மாற்றியும் பொறியில் மாறவில்லை என்ற குழப்பம் பின்னதால் வருகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே:

```
M502
M500
M503
```

முதலாவது தொகுத்த அளவுகளுக்குத் திரும்புகிறது, இரண்டாவது அவற்றைச் சேமிக்கிறது, மூன்றாவது காட்டுகிறது. இப்போது வரும் விவரத்தைச் சேமித்து வைத்த பழைய விவரத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது முதலில் கண்ணில் பட வேண்டியது `M92` வரி. வாங்கியபடி இருக்கும் எண்டர் 3-க்கு அது `M92 X80 Y80 Z400 E93` என்று இருக்க வேண்டும். இதில் முதல் மூன்றும் கணக்கிலிருந்து வருபவை. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள், டிரைவர் ஒவ்வொரு படியையும் 16-ஆகப் பிரிக்கிறது, ஆக ஒரு சுற்றுக்கு 3200. பல்லிடைவெளி 2 மில்லிமீட்டர் உள்ள பெல்ட்டை 20 பல் சக்கரம் இழுப்பதால் ஒரு சுற்றில் 40 மில்லிமீட்டர் நகர்கிறது. 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. இசட் திருகு ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் ஏறுகிறது, வகுத்தால் 400. பெல்ட்டோ சக்கரமோ திருகோ மாறாதவரை இந்த எண்களைத் தொடக் கூடாது. 20 மில்லிமீட்டர் கனசதுரம் 20.15 ஆக வருகிறது என்பதற்காக 80-ஐ 79.4 ஆக்குபவர்கள், ஃபிலமென்ட் அதிகம் வழிவதால் வரும் பிழையை இயக்கத்தின் தலையில் கட்டுகிறார்கள். பிறகு 100 மில்லிமீட்டர் பொருளில் அது வேறு பிழையாக எழுகிறது. மாறாக, கனசதுரம் 10 மில்லிமீட்டராகவோ 40 மில்லிமீட்டராகவோ வந்தால், புதிய போர்டில் படிப் பிரிப்பு எண் மாறியிருக்கிறது என்று பொருள்.

நான்காவது எண், எக்ஸ்ட்ரூடருடையது, அளந்தே அறிய வேண்டியது. பற்சக்கரத்தின் உண்மையான விட்டம் பொறிக்குப் பொறி சற்று மாறும். பிஎல்ஏ ஃபிலமென்ட்டோடு நாசிலை 200 டிகிரிக்குச் சூடாக்கி, எக்ஸ்ட்ரூடரின் நுழைவாயிலிலிருந்து 120 மில்லிமீட்டர் தள்ளி ஃபிலமென்ட்டில் ஒரு கோடு போட்டு, 100 மில்லிமீட்டரை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள்:

```
M83
G1 E100 F100
```

ஒரு நிமிடத்தில் முடியும். கோடு நுழைவாயிலிலிருந்து 20 மில்லிமீட்டரில் நின்றால் அளவு சரி. 24 மில்லிமீட்டரில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் போனது 96. பழைய எண்ணான 93-ஐ 100-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்தால் 96.9 கிடைக்கும். `M92 E96.9` கொடுத்து, `M500` கொடுத்துச் சேமித்து, மறுபடியும் ஒரு தடவை அளந்து பாருங்கள். போனது 85 என்பது போல் பெரிய வேறுபாடு வந்தால் எண்ணை மாற்றாதீர்கள். பற்சக்கரம் வழுக்குகிறது அல்லது நாசில் அடைத்திருக்கிறது. அதை எண்ணால் ஈடுகட்டினால், அடைப்பை நீக்கிய அன்று அச்சு பிதுங்கி வழியும்.

அடுத்து வெப்பம். பொறி இரவு முழுவதும் அணைந்திருந்த பிறகு போட்டால் நாசிலும் பெட்டும் அறை வெப்பநிலையை ஒட்டிய ஒரே அளவைக் காட்ட வேண்டும். இது தேவையான சோதனை, ஆனால் போதுமானதன்று. 100 கிலோஓம் தெர்மிஸ்டர்களின் மின்தடையை வெப்பநிலையாக மாற்ற ஃபர்ம்வேர் பயன்படுத்தும் அட்டவணைகள் அறை வெப்பநிலையில் பெரும்பாலும் ஒத்துப்போகும். 200 டிகிரியை நெருங்கும்போதுதான் ஒன்றுக்கொன்று விலகும். ஆகவே அமைப்புக் கோப்பில் `TEMP_SENSOR_0` என்ற வரியில் உள்ள எண் உங்கள் தெர்மிஸ்டருக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். வாங்கியபடி இருக்கும் எண்டர் 3-க்கு மாதிரிக் கோப்பு 1 என்ற எண்ணைத் தருகிறது. வழக்கமான வெப்பநிலையில் ஃபிலமென்ட் திடீரென்று மிக நீர்த்தோ மிக இறுகியோ வந்தால் முதலில் இந்த எண்ணைச் சந்தேகியுங்கள்.

அதன் பின் பிஐடி. அச்சிடும்போது விசிறி ஓடும் என்பதால், விசிறியை ஓடவிட்டே சரிசெய்ய வேண்டும்:

```
M106 S255
M303 E0 S200 C8 U1
M500
```

பிஐடியும் வெப்பப் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மார்லினின் இயல்பு அமைப்பில், ஹாட்எண்ட் இலக்குக்குக் கீழே 4 டிகிரிக்கு மேல் இறங்கி 40 நொடி அங்கேயே நின்றால் பொறி நின்றுவிடும். பிஐடி எண்கள் பொருந்தாமல் போனாலோ, கட்டையைப் போர்த்தும் சிலிகான் உறை கிழிந்து விசிறிக் காற்று நேரே கட்டையில் அடித்தாலோ, அச்சின் நடுவே `Thermal Runaway` என்று நின்றுவிடக்கூடும். அந்த எரிச்சலில் பாதுகாப்பையே அணைத்துவிடும் அறிவுரையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். பிஐடியைச் சரிசெய்து, உறையை மாற்றி, ஹீட்டர் கம்பி திருகப்பட்டிருக்கும் முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் தளர்ந்த முனைதான் உண்மையான காரணம். அதை அந்த நிறுத்தம் சரியாகவே காட்டிக்கொடுத்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் `M115` அனுப்பினால் வரும் விவரத்தில், மார்லின் 2 வரிசையின் ஃபர்ம்வேர் எனில், `Cap:THERMAL_PROTECTION:1` என்ற வரி இருக்கும். அது 0 என்றிருந்தால் தொகுப்பில் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். 1 என்றிருந்தாலும், தொடக்கத்தில் சொன்ன யுஎஸ்பி சோதனையை நாசிலுக்கும் பெட்டுக்கும் மறுபடியும் செய்து பாருங்கள்; ஏற்றியது வேறு கோப்பாக இருந்துவிட்டால் அதுவும் அப்போது வெளிப்படும்.

இந்தப் பாதுகாப்புக்கு எட்டாத பழுது ஒன்று உண்டு. ஹீட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட், கெடும்போது பெரும்பாலும் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஃபர்ம்வேர் பிழையைக் கண்டு அணைக்கச் சொல்லும், திரையிலும் நின்றுவிட்டதாக எழுதும், ஆனால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரை பிழையைக் காட்டும்போது நாசில் இன்னும் சூடேறிக்கொண்டிருந்தால், பொத்தானை அழுத்தி மறுதொடக்கம் செய்ய முயலாமல் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, போர்டை மாற்ற வேண்டும். எந்த ஃபர்ம்வேரை ஏற்றியிருந்தாலும், ஆள் இல்லாத வீட்டில் இந்தப் பொறியை ஓடவிடக் கூடாது என்பது இந்த ஒரு பழுதால்தான்.